உடைந்ததா, முறிந்ததா, அறுந்ததா?

புயல் கரையைக் கடந்த மறுநாள், மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மரக்கிளைகள் உடைந்தன, மின்கம்பிகள் உடைந்தன, ஏரிக்கரை உடைந்தது, கடைகளின் கண்ணாடிகள் உடைந்தன. மேசையில் இருக்கும் உதவி ஆசிரியருக்கு இந்த நான்கு ‘உடைந்த’வும் உறுத்துகின்றன. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், திரும்பத் திரும்ப வரும் வினை காதில் உடனே விழுந்துவிடும். அவர் ஒருபொருட்பன்மொழி அகராதியைப் புரட்டுகிறார். ‘உடை’ என்பதற்கு நேராக முறி, ஒடி, அறு, பிள, தகர், நொறுங்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கிறார். மரக்கிளைகள் நொறுங்கின, மின்கம்பிகள் பிளந்தன, ஏரிக்கரை முறிந்தது, கண்ணாடிகள் ஒடிந்தன.

முன்பு நான்கில் இரண்டாவது சரியாக இருந்தன. இப்போது நான்குமே தவறு. ஆனால் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு வாதாடினால் நாம் தோற்றுப்போவோம். எல்லாச் சொல்லும் அந்த வரிசையில் இருக்கின்றன.

வரிசையில் இருப்பதற்கும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காருவதற்கும் தொடர்பு குறைவு. அந்த வரிசைகள் எதற்காகச் செய்யப்பட்டன என்று பார்த்தால் இது விளங்கும். திவாகரம், பிங்கலம், பிறகு மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு எல்லாமே செய்யுளில் இயற்றப்பட்டவை. மனப்பாடம் செய்வதற்கானவை. பழைய நூலைப் படிக்கிறவனுக்கு அறியாத சொல்லின் பொருளை அவை காட்டின. செய்யுள் இயற்றுகிறவனுக்கு எதுகையும் மோனையும் சீரும் கேட்கிற இடத்தில் வேறொரு சொல்லை எடுத்துக் கொடுத்தன. பாட்டில் யாப்பு நெருக்கும்போது பொருளில் கொஞ்சம் தளர்வு அனுமதிக்கப்படும். உரைநடைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆங்கிலத்தில் 1852-இல் வெளிவந்த பீட்டர் மார்க் ரோஜேயின் நூலும் இதே வகைதான். மருத்துவரான ரோஜே சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் கருத்துவாரியாக, ஏறத்தாழ ஆயிரம் தலைப்புகளில் அடுக்கினார். நெருங்கிய சொற்களுக்கு இடையே வேறுபாடு காட்டுவது தன் வேலை அல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஏற்கெனவே தெரிந்த சொல் நாக்கின் நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கும்போது அதை நினைவுபடுத்துவதுதான் அந்த நூலின் பணி. தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவது பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் வளர்ந்த பழக்கம்.

அப்படியானால் வரிசை எதை மறைக்கிறது? ‘உடை’யின் குடும்பத்தையே நெருங்கிப் பார்க்கலாம்.

தமிழில் ஒரு பொருள் சேதமாகும்போது என்ன வினை வரும் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பொருளின் உருவமும் தன்மையும் தீர்மானிக்கின்றன. நூல், கயிறு, மின்கம்பி போல நீண்டு துவள்கிறவை இழுவிசை தாங்காமல் அறும். கிளை, கம்பு, எலும்பு போல நீண்டு விறைப்பாக இருப்பவை வளைவு தாங்காமல் முறியும். அதே வகையில் மெல்லியவை ஒடியும். பானை, முட்டை, தேங்காய், கண்ணாடி போல ஓடாகவோ உள்ளீடோடோ இருப்பவை உடையும். பல துண்டாகச் சிதறினால் நொறுங்கும். துணியும் தாளும் கிழியும். விறகு நார்ப்போக்கில் பிளக்கும். ஒட்டியிருந்த ஒன்று இழுபட்டு வந்தால் பிய்யும். புயலில் கூரை பிய்ந்துகொண்டு போவது அப்படித்தான். ஏரிக்கரைக்கு ‘உடை’ வருவதிலும் கணக்கு இருக்கிறது. உள்ளே நீரை அடக்கிவைத்திருக்கும் சுவர் அது, பானையின் இனம். அதனால்தான் ‘ஏரி உடைந்தது’ என்று கரையைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறோம். பானையையும் அப்படித்தானே சொல்கிறோம்!

முறிவதற்கும் ஒடிவதற்கும் உள்ள இடைவெளியைக் காய்கறிக் கடையில் பார்க்கலாம். வெண்டைக்காய் வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்ப்பார். பிஞ்சாக இருந்தால் பட்டென்று ஒடியும்; முற்றியிருந்தால் வளைந்து கொடுக்கும். இந்தச் செயலுக்கு ‘உடைத்துப் பார்த்தார்’ என்று எழுதினால் காய்க்கு ஓடு இருப்பதுபோல ஆகிவிடும். ‘முறித்துப் பார்த்தார்’ என்றால் விரல் நுனியின் வேலைக்குக் கை முழுதின் பலம் வந்துவிடும். ‘ஒடி’யில் ஒரு மெலிவு இருக்கிறது. மெலிந்த ஆளை ஒடிசலானவர் என்று சொல்வது அதே வேரிலிருந்துதான். ஒரே வகைப் பொருளுக்குள் கூட அளவும் விசையும் வினையை மாற்றுகின்றன.

இந்தப் பிரிவினை எல்லா மொழியிலும் இப்படியே இருப்பதில்லை. இதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று, வெட்டுவதும் உடைப்பதும் கிழிப்பதுமான 61 சிறு காட்சிகளைப் படம்பிடித்து, 28 மொழிகளைப் பேசுகிறவர்களிடம் காட்டி, ஒவ்வொரு காட்சியையும் அவரவர் மொழியில் சொல்லச் சொன்னார்கள். முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. அதில் இந்தியையும் தமிழையும் ஒப்பிட்டவர் புவனா நரசிம்மன். இரு மொழி வினைகளும் பெருமளவு ஒரே நிலப்பரப்பைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன என்றும், ஆனால் எல்லைகள் விழும் இடமும் நுணுக்கமாகப் பிரிக்கக் கிடைக்கும் வினைகளின் எண்ணிக்கையும் வேறுபடுகின்றன என்றும் அவர் கண்டார். கருவியின் தன்மையும் சேதப்படும் பொருளின் தன்மையும் அந்த வேறுபாட்டை விளக்கின. இந்தியில் நூலுக்கும் எலும்புக்கும் கண்ணாடிக்கும் ‘டூட்னா’ என்ற ஒரே வினை போதும். தமிழில் மூன்று வேண்டும். ஆங்கிலத்திலும் ஏறக்குறைய ‘பிரேக்’ என்ற ஒன்றே எல்லாவற்றையும் தாங்கிவிடுகிறது.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. இன்று பலர் தமிழ்ச் சொல்லைத் தமிழ்ச் சொல்லிலிருந்து தேடுவதில்லை. மனதில் ஆங்கிலச் சொல் வந்துவிடுகிறது. அதை ஆங்கில–தமிழ் அகராதியில் போட்டால் உடை, முறி, அறு, மீறு, கலை, குலை எல்லாம் ஒரே மூட்டையாக விழுகின்றன. ஓர் ஆங்கிலச் சொல்லின் கீழ் சேர்ந்து நிற்பதால் அவை உறவினர்போலத் தெரிகின்றன. உண்மையில் அவற்றுக்குள் உறவே இல்லாமல் இருக்கலாம். சட்டத்தை மீறுகிறோம், வாக்குத் தவறுகிறோம், உண்ணாவிரதத்தை முடித்துக்கொள்கிறோம், தூக்கம் கலைகிறது, அமைதி குலைகிறது. இவற்றில் எதிலும் தமிழன் எதையும் உடைக்கவில்லை. ‘மௌனத்தை உடைத்தார்’ மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டது. அதை இனி விரட்ட முடியாது என்று தோன்றுகிறது. ஆனாலும் மௌனம் கலைவதைத்தான் நான் எழுதுவேன்.

வரிசை மறைக்கும் இரண்டாவது செய்தி, யார் செய்தது என்பது. உடைந்தது, உடைத்தது என்று ‘உடை’க்கு இரு வடிவங்கள் உண்டு. முறிந்தது, முறித்தது என்று ‘முறி’க்கும் உண்டு. முதல் வடிவம் தானாக நிகழ்ந்ததைச் சொல்லும். இரண்டாவது ஒருவர் செய்ததைச் சொல்லும். ‘பிள’வுக்கு அந்தப் பிரிவு இல்லை. விறகு பிளந்தது, விறகைப் பிளந்தான் என்று ஒரே உருவம் இரண்டுக்கும் வரும். ‘துண்டி’ இதற்கு எதிர்ப்பக்கம். அது எப்போதும் செய்கிறவரைக் கேட்கும். ‘கம்பி துண்டித்தது’ என்று எழுத முடியாது. ‘துண்டிக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுக்குப் போக வேண்டும். செயப்பாட்டு வந்தவுடன் செய்தவர் ஒருவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். ‘மின்கம்பி அறுந்ததால் ஊர் இருண்டது’ என்பதும் ‘மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் ஊர் இருண்டது’ என்பதும் இதனால் வேறு வேறு செய்திகள். முதலாவதில் காற்றுதான் காரணம். இரண்டாவதில் மின்வாரியம் முன்னெச்சரிக்கையாக நிறுத்தியிருக்கலாம், கட்டணம் கட்டாததால் நிறுத்தியிருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். எதுவென்று எழுதியவருக்கே தெரியாதபோது இந்தச் சொல் வசதியாக இருக்கிறது. அந்த வசதியை நம்பக் கூடாது.

ஒரே வினையின் இரு வடிவங்கள்கூட இணையாக நடப்பதில்லை. அறுந்தது என்றால் பெரும்பாலும் இழுவையால் அற்றது. அறுத்தான் என்றால் பெரும்பாலும் கத்தியோ ரம்பமோ அரிவாளோ கையில் இருக்கிறது. நெல்லையும் அறுக்கிறோம், மரத்தையும் அறுக்கிறோம். ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே புகுந்தார்கள் என்றால் ரம்பம் வந்திருக்கிறது. வளைத்து என்றால் கடப்பாறை. உடைத்து என்றால் என்ன கருவி என்று வாசகருக்குத் தெரியாது. வழக்கு விசாரிக்கிறவருக்கும் தெரியாது. இங்கே பொதுச்சொல் தவறல்ல. தெரிந்த ஒன்றை அது சொல்லாமல் விடுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, இந்த வினைகள் கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பேசப் போகும்போது தங்கள் பழைய பொருளையும் தூக்கிக்கொண்டே போகின்றன. தொடர்பு அறுந்தது என்றால் தொடர்பு ஒரு கயிறு. நாளாக நாளாக இற்று, யாரும் இழுக்காமலேகூட அற்றிருக்கலாம். நட்பு முறிந்தது என்றால் அது விறைப்பான ஒன்று. ஒரு கட்டத்தில், ஒரு காரணத்தால் முறிந்திருக்கிறது. மணமுறிவு என்று வழங்குவதும் இதனால்தான் பொருந்துகிறது. கட்சி உடைந்தது என்றால் ஒரே கலம் பல துண்டாகியது. கட்சி பிளந்தது என்றால் இரண்டு பெரிய பகுதிகள், நடுவே ஒரு கோடு. நான்கு பேர் நான்கு திசைக்குப் போன கட்சியில் பிளவு என்று எழுதும் செய்தியாளர் எண்ணிக்கையைத் தவறாகச் சொல்கிறார். ரகசியத்தைப் போட்டு உடைக்கிறோம், அதற்கு ஓடு இருப்பதால். விஷத்தை முறிக்கிறோம், சோம்பலையும் முறிக்கிறோம். உடம்பை வளைத்து நெளிக்கும் அந்த அசைவைப் பார்த்தால் சோம்பலுக்கு ஏன் வேறு வினை வரவில்லை என்பது புரியும்.

இந்த அறிவு தமிழ் இலக்கணத்துக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ மூன்றையும் ஒருபொருட்பன்மொழியாக விட்டுவிடவில்லை. கேட்கிறவன் தாழ்ந்தவனானால் ‘ஈ’, சமமானவனானால் ‘தா’, உயர்ந்தவனானால் ‘கொடு’ என்று வகுக்கிறது. வேறோர் இடத்தில், பெறுகிறவர் தன்மையிலோ முன்னிலையிலோ இருந்தால் ‘தா’, படர்க்கையில் இருந்தால் ‘கொடு’ என்றும் பிரிக்கிறது. மலையாளத்தில் எனக்கோ உனக்கோ என்றால் ‘தருக’, அவனுக்கு என்றால் ‘கொடுக்குக’ என்ற அந்த இரண்டாவது பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழகத்தில் ‘எனக்குக் கொடு’ என்று தாராளமாகச் சொல்கிறோம். அங்கே எல்லை அழிந்துவிட்டது. ஆகவே சொற்களின் வேறுபாடு என்றைக்கும் நிற்கும் கல்வெட்டு அல்ல. பழைய நூலைக் காட்டி இன்றைய வாக்கியத்தைத் தவறு என்று சொல்வதும் ஒரு வகைத் தவறுதான்.

நம் உதவி ஆசிரியருக்கு உதவும் இன்னொரு விதியும் அதே சொல்லதிகாரத்தில் இருக்கிறது. அடிசில் என்பது உண்பது, தின்பது, நக்குவது, பருகுவது எல்லாம் சேர்ந்த பொதுச்சொல். அதற்கு ‘உண்டார்’ என்று ஒரு வகைக்கு உரிய வினையைக் கொடுக்கக் கூடாது. ‘அயின்றார்’ போன்ற பொதுவினையைக் கொடுக்க வேண்டும் என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கம். அணிகலனுக்கும் இசைக்கருவிக்கும் இப்படியே. கருவிகளில் கொட்டுபவையும் உண்டு, ஊதுபவையும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும்போது ‘இயம்பினார்’ என்று போக வேண்டும். பொருள்களைத் தனித்தனியே எண்ணிச் சொல்லும்போதும் இதே முறைதான் என்று அடுத்த நூற்பா சேர்க்கிறது. தனி வினைகள் கொண்ட பொருள்களை ஒன்றாக அடுக்கினால், அவற்றில் எதற்கும் சொந்தமில்லாத, எல்லாவற்றுக்கும் பொதுவான வினை வேண்டும்.

இதைச் செய்திக்குக் கொண்டுவந்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் வினையைக் கொடுத்து, ‘மரக்கிளைகள் முறிந்து விழுந்ததில் மின்கம்பிகள் அறுந்தன, கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின, ஏரிக்கரை உடைந்து ஊருக்குள் நீர் புகுந்தது’ என்று எழுதலாம். இடம் குறைவு என்றால் ‘மரங்கள், மின்கம்பிகள், கடைகள் சேதமடைந்தன’ என்று பொதுவினையில் முடித்துவிடலாம். முதல் வழியில் திரும்ப வருதல் தானாக மறைந்துவிட்டதைக் கவனிக்கலாம். அதை மறைக்க யாரும் முயலவில்லை. பொருளுக்குப் பொருள் வினை மாறியதால் அது மறைந்தது. ‘ஒரே சொல் திரும்ப வரக் கூடாது’ என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பது அரைகுறை அறிவுரை. பத்து வீடுகளில் பத்துப் பூட்டுகள் உடைக்கப்பட்டிருந்தால் பத்து இடத்திலும் ‘உடைக்க’த்தான் வேண்டும்.

ஐயம் வரும்போது சோதித்துப் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. வினையிலிருந்து பிறக்கும் பெயர்ச்சொல்லை எடுத்து, அது யாருடன் சேர்ந்து வழங்குகிறது என்று பார்ப்பது. எலும்பு முறிவு, குழாய் உடைப்பு, பூட்டு உடைப்பு, கட்சிப் பிளவு, துணியில் கிழிசல். பெயராகும்போது சேர்க்கை இறுகிவிடுவதால் தவறு பளிச்சென்று தெரியும். ‘எலும்பு உடைப்பு’ என்று எந்த மருத்துவமனைச் சீட்டிலும் வராது. ‘குழாய் முறிவு’ என்று குடிநீர் வாரியம் அறிவிக்காது. வினைக்குள் குழம்புகிற காது பெயருக்குள் குழம்புவதில்லை.

அடுத்த வழி, பெயரை நிறுத்திவைத்து வினைகளை மாற்றிப் பார்ப்பது. ‘கம்பி’யை எடுத்துக்கொண்டு அறுந்தது, முறிந்தது, வளைந்தது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், கம்பியே இரண்டு என்பது தெரிய வரும். மின்கம்பி துவளும்; அது அறும். கட்டுமானக் கம்பி விறைப்பானது. அது முறியலாம், அறாது. சொல்லைத் தேடப் போய்ப் பொருளையே சரியாகப் பார்த்துவிடுவது இந்தச் சோதனையில் அடிக்கடி நடக்கும்.

அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியம் தருபவற்றை நாட வேண்டும். 1992-இல் முதலில் வந்து, பிறகு விரிவாக்கப்பட்ட பதிப்புகள் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பெரும்பாலான சொற்களுக்கு இன்றைய வழக்கிலிருந்து வாக்கியம் கொடுக்கிறது. பொருள் விளக்கத்தைவிட அந்த வாக்கியத்தில்தான் சொல்லின் கூட்டாளிகள் யார் என்பது இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேறு வேலைக்கானது. சங்க காலச் சொல்லும் நேற்றைய சொல்லும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழைய பாட்டைப் படிக்க அதைவிட நல்ல துணை இல்லை. செய்தி எழுத அதிலிருந்து சொல் எடுத்தால் எந்த நூற்றாண்டுச் சொல் வருகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இணையத்தில் தேடுகிறவர்கள் மேற்கோள் குறிக்குள் சொற்சேர்க்கையைப் போட்டுத் தேடலாம். தமிழில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு. ‘கம்பி அறு’ என்று வேர்ச்சொல்லைத் தேடினால் எதுவும் உருப்படியாக வராது. "கம்பி அறுந்து", "கம்பிகள் அறுந்தன", "கம்பியறுந்து" என்று வடிவங்களை மாற்றி மாற்றித் தேட வேண்டும். வருகிற எண்ணிக்கையை நம்பக் கூடாது. ஒரே செய்தி நாற்பது தளங்களில் நகலாகியிருக்கும். முதல் சில வாக்கியங்களைப் படித்து, எழுதியவர் எந்த ஊர்க்காரர், மூலம் தமிழா மொழிபெயர்ப்பா என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. ‘மௌனத்தை உடைத்தார்’ ஆயிரக்கணக்கில் கிடைக்கும் என்பதே எண்ணிக்கையின் எல்லைக்குச் சான்று.

இத்தனைக்குப் பிறகும் பிசிறுகள் இருக்கின்றன. மேலே சொன்ன பிரிவினை எழுத்துத் தமிழில் தெளிவு. பேச்சில் அவ்வளவு இல்லை. தமிழகத்துப் பேச்சில் ‘உடைந்தது’ என்பது ‘ஒடஞ்சது’ ஆகிவிடுகிறது. அங்கிருந்து ‘ஒடிஞ்சது’க்கு ஓர் உயிரெழுத்துத் தூரம்தான். கை ஒடஞ்சுபோச்சு என்கிறார்கள், கால் ஒடிஞ்சுபோச்சு என்கிறார்கள். இரண்டையும் கேட்டு வளர்ந்தவர் எழுத வரும்போது எலும்புக்கும் கண்ணாடிக்கும் ஒரே வினையைப் போடுவதில் வியப்பில்லை. கதையில் ஒரு பாத்திரம் அப்படிப் பேசினால் திருத்தக் கூடாது. மருத்துவச் சான்றிதழில் வந்தால் திருத்தத்தான் வேண்டும்.

ஊர் மாறும்போதும் கணக்கு மாறும். தமிழகத்து வாசகருக்கு ‘முறி’ என்றவுடன் கிளையும் எலும்பும்தான் நினைவுக்கு வரும். இலங்கையின் பொருளாதாரச் செய்திகளில் அரசு வெளியிடும் கடன் பத்திரத்துக்குப் பிணைமுறி என்று பெயர். எழுதிய ஏட்டை முறி என்று சொன்ன பழைய வழக்கின் தொடர்ச்சி அது. கொழும்பு நாளிதழில் ‘பிணைமுறி மோசடி’ என்று பார்க்கும் சென்னை உதவி ஆசிரியர் எதுவோ முறிந்துவிட்டது என்று எண்ணி ‘பிணை முறிவு’ என்று மாற்றினால், திருத்தத்தில்தான் பிழை நுழையும். அந்த இடத்தில் அகராதியையும் தன் காதையும் ஒதுக்கிவைத்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ ஒரு தொலைபேசி அழைப்புப் போடுவதுதான் வேலை.